பார்லருக்கு ஜிஎஸ்டி எப்போது, பில் எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்லர் நடத்துபவர்கள், வீட்டிலிருந்தே மேக்கப் ஆர்டர் எடுப்பவர்கள் என்று பலருக்கும் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். இதெல்லாம் தமிழ்நாட்டில் தன் சொந்தப் பெயரில் தொழில் செய்பவருக்கானது. 2025 செப்டம்பர் 22 முதல் அழகு நிலையங்களுக்கான வரி விகிதம் மாறிவிட்டது. அதற்கு முந்தைய வீடியோவைப் பார்த்துவிட்டு வந்தால் பாதி விஷயம் தப்பாகத்தான் இருக்கும்.

அக்கா, என்னோடது ரெண்டு நாற்காலி போட்ட சின்ன பார்லர். நான் ஜிஎஸ்டி எடுக்கணுமா?

கடையின் அளவை வைத்து யாரும் முடிவு செய்வதில்லை. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான ஒரு நிதியாண்டில் உங்கள் மொத்த விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும், தாண்டாவிட்டால் வேண்டாம். மாதத்துக்குச் சராசரியாக 1 லட்சத்து 66 ஆயிரம். அதற்குக் கீழே ஓடுகிற கடைக்குக் கட்டாயம் இல்லை.

ஆனால் 20 லட்சத்துக்குக் கீழே இருந்தாலும் கட்டாயமாகிற ஒரு சூழ்நிலை உண்டு. அது வெளி மாநிலத்துக்குப் பொருள் அனுப்புபவர்களுக்கு வருவது, கீழே தனியாகச் சொல்கிறேன்.

20 லட்சம்னா லாபமா, மொத்த வரவா? எதையெல்லாம் சேர்க்கணும்?

மொத்த வரவு. வாடகை, சம்பளம், பொருள் செலவு எதையும் கழிக்கக் கூடாது. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். கையில் நிற்பது மாதம் 40 ஆயிரம்தானே, நமக்கு எதற்கு ஜிஎஸ்டி என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள், கல்லாவுக்குள் வந்துபோனதைக் கூட்டினால் வரம்பு எப்போதோ தாண்டியிருக்கும். ரொக்கம், யுபிஐ, கார்டு எல்லாமே ஒன்றுதான்.

ஒரே பான் எண்ணின் கீழ் நீங்கள் செய்யும் எல்லாத் தொழிலும் சேரும். ஒரு கணக்கைப் பார்ப்போம்: பார்லர் வேலையில் 14 லட்சம், கடையில் விற்ற கிரீம், லிப்ஸ்டிக் வகையில் 3 லட்சத்து 20 ஆயிரம், பியூட்டிஷியன் வகுப்பு எடுத்ததில் 2 லட்சத்து 40 ஆயிரம். கூட்டினால் 19 லட்சத்து 60 ஆயிரம், வரம்புக்குள்தான். ஆனால் அவர் பெயரிலேயே ஒரு வீடு இருக்கிறது, மாதம் 8 ஆயிரத்துக்குக் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். குடியிருக்க விட்ட வீட்டின் வாடகைக்கு வரி இல்லை, ஆனாலும் விற்றுமுதல் கணக்கில் அது சேரும். 96 ஆயிரம் கூடி 20 லட்சத்து 56 ஆயிரம் ஆகிவிட்டது, பதிவு கட்டாயம். வேறு இடத்தில் வேலை பார்த்து வாங்கும் சம்பளம் மட்டும் இதில் வராது.

கணவர் பெயரில் அவருடைய பானில் வேறு தொழில் இருந்தால் அது அவர் கணக்கு, உங்களோடு சேராது. அதற்காக ஒரே பார்லரின் வரவைப் பாதி உங்கள் யுபிஐயிலும் பாதி அவருடையதிலும் வாங்கிப் பிரித்துக் காட்டுவது வேறு விஷயம், அது ஏய்ப்பு. கடையின் பெயரும் இடமும் ஆட்களும் ஒன்றாக இருக்கும்போது அது சோதனையில் நிற்காது.

பொருள் விற்கிறவங்களுக்கு 40 லட்சம்னு சொல்றாங்களே, அது எனக்கு வராதா?

தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு 40 லட்சம் என்பது உண்மை. அதில் “மட்டும்” என்பதுதான் முக்கியம். அழகு சாதனக் கடை வைத்து விற்பனை மட்டும் செய்தால் 40. அதே கடையின் மூலையில் நாற்காலி போட்டுப் புருவம் திருத்த ஆரம்பித்தால் சேவையும் சேர்ந்துவிடும், வரம்பு 20க்கு இறங்கிவிடும். புதுச்சேரியில் பொருளுக்கும் 20 லட்சம்தான்.

வரம்பைத் தாண்டின பிறகு எத்தனை நாள் டைம் இருக்கு?

தாண்டிய நாளிலிருந்து 30 நாள். ஜனவரி 12 அன்று கூட்டுத்தொகை 20 லட்சத்தைத் தாண்டியது என்றால் பிப்ரவரி 11க்குள் விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும். அப்படிப் போட்டால், எண் பிப்ரவரி கடைசியில் வந்தாலும் பதிவு ஜனவரி 12 முதலே செல்லும். இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள்: ஜனவரி 12க்குப் பிறகு செய்த வேலைகளுக்கு நீங்கள் வரி கட்ட வேண்டும், வாடிக்கையாளரிடம் அதை வாங்கியிருந்தாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி. இடைப்பட்ட நாட்களின் பில்களுக்கு எண் கிடைத்த ஒரு மாதத்துக்குள் திருத்திய பில் போடச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் முடி வெட்டிக்கொண்டு போனவரைத் தேடிப்போய் 5 சதவீதம் கேட்க யாராலும் முடியாது, அந்தப் பணம் உங்கள் கையிலிருந்துதான் போகும்.

அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது, 18 லட்சத்தைத் தொட்டவுடன் விண்ணப்பம் போட்டுவிடுங்கள். அதற்கு ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு மாத வரவையும் முந்தைய கூட்டுத்தொகையோடு கூட்டி எழுதிக்கொண்டே வர வேண்டும். ஒரு நோட்டில் இரண்டு பத்தி போதும், இந்த மாதம் ஒன்று, இதுவரை மொத்தம் ஒன்று. முகூர்த்த மாதங்களில் அந்த இரண்டாவது பத்தி சட்டென்று ஏறும்.

30 நாளும் தாண்டிப் போட்டால் விண்ணப்பம் ஏற்ற தேதியிலிருந்துதான் பதிவு செல்லும், ஆனால் நடுவில் உள்ள காலத்துக்கு வரியும் வட்டியும் அபராதமும் உங்கள் தலையில் இருக்கும்.

அப்போ முதல் 20 லட்சத்துக்கும் சேர்த்து வரி கட்டணுமா?

வேண்டாம். மேலே சொன்ன உதாரணத்தில் ஜனவரி 12 முதல் செய்த வேலைக்கு மட்டும்தான் வரி. ஆனால் அடுத்த ஏப்ரலில் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்காது. பதிவு செய்தாகிவிட்டால் அடுத்த ஆண்டு முதல் ரூபாயிலிருந்தே வரி உண்டு. பூஜ்யத்திலிருந்து ஆரம்பிப்பது இதுவரை பதிவுக்குள் வராதவர்களுக்கு மட்டும்.

பதிவு பண்ண என்ன வேணும், எவ்வளவு செலவாகும்?

அரசுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. யாராவது வாங்கினால் அது அவர் வேலைக்கான கூலி. `www.gst.gov.in` தளத்தில் `GST REG-01` என்ற விண்ணப்பம். பான், ஆதார், புகைப்படம், கடை இருக்கும் இடத்துக்கான சான்று, இவ்வளவுதான். வாடகைக் கடை என்றால் ஒப்பந்தமும் கட்டட உரிமையாளர் பெயரில் உள்ள மின் கட்டண ரசீது அல்லது சொத்து வரி ரசீதும் வேண்டும். வீட்டிலேயே பார்லர், வீடு மாமியார் பெயரில் என்றால் அவரிடம் ஒரு சம்மதக் கடிதம் வாங்கிச் சேர்க்கலாம்.

விண்ணப்பம் இழுத்தடிப்பது பெரும்பாலும் முகவரியால்தான். ஒப்பந்தத்தில் பழைய கதவு எண், மின் ரசீதில் புதிய கதவு எண் என்று இருந்தால் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். போடும் முன்பே இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். எண் வந்த பிறகு 30 நாளுக்குள் வங்கிக் கணக்கு விவரத்தைச் சேர்க்க வேண்டும், அதற்கு முன்பே முதல் விற்பனை அறிக்கையைத் தாக்கல் செய்வதாக இருந்தால் அதற்கும் முன்னால். சான்றிதழைக் கடைக்குள்ளும், எண்ணை வாசல் பெயர்ப் பலகையிலும் மாட்ட வேண்டும்.

இன்னும் நம்பர் வாங்கலை. ஆனா பெரிய பார்லர் மாதிரி பில்லில் 5% போட்டு வாங்கலாமா?

கூடவே கூடாது. பதிவில்லாதவர் வரி என்ற பெயரில் ஒரு ரூபாய்கூட வாங்கச் சட்டத்தில் இடமில்லை, குறைந்தபட்ச அபராதமே 10 ஆயிரம் ரூபாய், வாங்கியதை அரசுக்குக் கட்டவும் வேண்டும். நீங்கள் சாதாரண ரொக்க பில் கொடுங்கள்: கடை பெயர், தேதி, வரிசை எண், என்ன வேலை, எவ்வளவு. விலையை ஏற்ற வேண்டுமானால் ஏற்றிக்கொள்ளுங்கள், அதற்கு வரி என்று பெயர் வைக்காதீர்கள்.

வரி 18 சதவீதமா 5 சதவீதமா? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

முடி வெட்டுவது, ஃபேஷியல், மேக்கப், மெனிக்யூர் போன்ற அழகு சேவைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். அதற்கு முன் 18. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: இந்தச் சேவைக்காக நீங்கள் வாங்கும் பொருள், நாற்காலி, வாடகை எதிலும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. எனக்கு 18 சதவீதமே இருக்கட்டும், வாங்கியதில் கழித்துக்கொள்கிறேன் என்று தேர்ந்தெடுக்கவும் வழியில்லை.

பொருளாக விற்றால் அந்தப் பொருளின் விகிதம். ஷாம்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பவுடர், சோப்புக் கட்டி ஆகியவை 5. லிப்ஸ்டிக், நகப்பூச்சு, ஃபேஸ் கிரீம், ஹேர் டை ஆகியவை 18. இப்படி விற்பதற்கென்று வாங்கிய சரக்கில் கட்டிய வரியை மட்டும் கழிக்கலாம். அதனால் வாங்கும்போதே விற்கும் சரக்கையும் கடையில் பயன்படுத்தும் சரக்கையும் தனித்தனி பில்லாகக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் மாதக் கடைசியில் எந்தப் பாட்டில் எதற்குப் போனது என்று பிரிக்கவே முடியாது. ஹேர் டையை வாடிக்கையாளரின் தலையில் போட்டு வேலை செய்தால் அது சேவையின் ஒரு பகுதி, முழுத் தொகைக்கும் 5. அதே டையைப் பெட்டியோடு வீட்டுக்கு விற்றால் 18. பியூட்டிஷியன் வகுப்பு இதில் எதிலும் சேராது, அது பயிற்சி, 18 சதவீதம்.

சரி, பில்லில் என்னென்ன இருந்தாத்தான் சரியான பில்?

உங்கள் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், தேதி, வரிசை எண், என்ன சேவை அல்லது பொருள், தள்ளுபடி போக மதிப்பு, வரி விகிதம், மத்திய வரி எவ்வளவு, மாநில வரி எவ்வளவு, கையெழுத்து. வாடிக்கையாளர் ஜிஎஸ்டி எண் உள்ள நிறுவனம் என்றால் அவர்கள் பெயர், முகவரி, எண் மூன்றும் வேண்டும். தனிநபர் என்றால் வரிக்கு முந்தைய மதிப்பு 50 ஆயிரத்துக்குக் கீழே இருக்கும்வரை அவர் கேட்டால் மட்டும் பெயர் போட்டால் போதும். பெரிய பிரைடல் பேக்கேஜ் அந்த அளவைத் தொட்டால் பெயர், முகவரி கட்டாயம்.

வரிசை எண் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும், இடையில் விட்டுப்போகக் கூடாது, ஒரே ஆண்டில் ஒரே எண் இரண்டு பில்லில் வரக் கூடாது. பில் தப்பாகிவிட்டால் கிழித்துப் போடாதீர்கள், குறுக்கே கோடு போட்டு ரத்து என்று எழுதி வைத்திருங்கள். 41க்குப் பிறகு 43 இருந்தால் 42 எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள்.

ஒருவர் ஆயிரம் ரூபாய்க்கு ஃபேஷியல் செய்துகொண்டு, அச்சிட்ட விலை 590 ரூபாய் உள்ள லிப்ஸ்டிக் ஒன்றும் வாங்கினால் பில் இப்படி வரும், அடைப்புக்குள் இருப்பது அந்தச் சேவை அல்லது பொருளின் வகைக் குறியீடு:

```
பில் எண் 2627/0142
ஃபேஷியல் (999722)         1000.00
  மத்திய வரி 2.5%           25.00
  மாநில வரி 2.5%            25.00
லிப்ஸ்டிக் 1 (3304)         500.00
  மத்திய வரி 9%             45.00
  மாநில வரி 9%              45.00
மொத்தம்                   1640.00
```

லிப்ஸ்டிக்குக்கு 590க்கு மேல் வரி போடவில்லை, கவனித்தீர்களா? அச்சிட்ட விலையில் வரி ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. 590ஐ 118ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 500, மீதி 90 வரி. ஃபேஷியலுக்கும் விலைப் பலகையில் எல்லாம் அடங்கிய விலையைப் போட்டிருந்தால் இப்படியே உள்ளிருந்து பிரிக்கலாம், அங்கே வகுக்க வேண்டியது 105.

இரண்டையும் “காம்போ 1500” என்று ஒரே விலையாகப் போட்டுவிடாதீர்கள். தனித்தனியாகக் கிடைக்கும் இரண்டை ஒரே விலையில் கட்டினால் இரண்டில் அதிகமான விகிதம், அதாவது 18, ஃபேஷியலுக்கும் சேர்த்து வந்துவிடும்.

புருவம் திருத்த 50 ரூபாய்க்கு வர்றவங்களுக்குமா பில் போடணும்?

200 ரூபாய்க்குக் கீழே, அவர் பில் கேட்கவும் இல்லை என்றால் தனித்தனியாக வேண்டாம். அன்றைய நாளின் அப்படிப்பட்ட வேலைகளை எல்லாம் சேர்த்து இரவில் ஒரே பில்லாகப் போட்டு, வழக்கமான வரிசை எண்ணைக் கொடுங்கள். கேட்டுவிட்டால் 50 ரூபாய்க்கும் கொடுக்கத்தான் வேண்டும்.

பிரைடலுக்கு நாலு மாசம் முன்னாடியே அட்வான்ஸ் வாங்குறேன். வரி எப்போ?

நீங்கள் பதிவு பெற்றவர் என்றால், சேவைக்கு வாங்கும் அட்வான்ஸுக்கு வாங்கிய மாதத்திலேயே வரி உண்டு. 25 ஆயிரத்துக்குப் பேசி, வரியோடு 26,250 என்று வைத்துக்கொள்வோம். ஜனவரியில் 10,500 அட்வான்ஸ் வாங்குகிறீர்கள். அதற்குப் பில் இல்லை, “அட்வான்ஸ் ரசீது” என்று தனி வரிசை எண்ணில் ஒன்று கொடுங்கள், அதில் 10 ஆயிரம் மதிப்பு, 500 வரி என்று பிரித்துக் காட்டி, அந்த 500ஐ ஜனவரிக் கணக்கில் கட்டிவிடுங்கள். மே மாதம் கல்யாணம் முடிந்ததும் முழு 26,250க்கும் பில் போட்டு, அட்வான்ஸ் ரசீது எண்ணைக் குறிப்பிட்டு, மீதி 15,750 வாங்குங்கள். மே மாத வரி 750 மட்டும். பில்லை வேலை முடிந்த 30 நாளுக்குள் போட்டிருக்க வேண்டும்.

கல்யாணம் நின்றுபோய் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால், திருப்பிக் கொடுத்ததற்கு ஒரு ரசீது போட்டுக் கட்டிய வரியைச் சரிக்கட்டிக்கொள்ளலாம். ஐந்து ஃபேஷியல் பேக்கேஜுக்கு முன்பணம் மொத்தமாக வாங்குவதும் இதே கணக்குதான்.

பொண்ணு வீடு பாண்டிச்சேரி, மண்டபமும் அங்கேதான். நான் சென்னையிலிருந்து போய் மேக்கப் போட்டா?

அழகு சேவைக்கு ஒரு தனி விதி இருக்கிறது: வேலை எங்கே நடக்கிறதோ அந்த இடம்தான் கணக்கு. வாடிக்கையாளரின் ஊரோ உங்கள் கடையோ அல்ல. அதனால் இது தமிழ்நாட்டிலிருந்து புதுச்சேரிக்குச் செய்த மாநிலங்களுக்கிடையிலான சேவை. பில்லில் மத்திய, மாநில வரி என்று இரண்டரை இரண்டரையாகப் பிரிக்காமல் ஒருங்கிணைந்த வரி 5 சதவீதம் என்று ஒரே வரியாகப் போட்டு, சேவை நடந்த இடம் புதுச்சேரி என்று எழுதுங்கள். அங்கே நிரந்தரமாகக் கடை இல்லாதவரை அங்கே தனிப் பதிவு வேண்டாம். பதிவே இல்லாதவர் என்றால், சேவைக்கு இப்படிப் போய்வருவதால் மட்டும் பதிவு கட்டாயமாகாது, அந்த 20 லட்ச வரம்பு இங்கேயும் உண்டு.

நானே ஹேர் ஆயில், சோப் செஞ்சு பெங்களூருக்கு கூரியர் அனுப்புறேன். வருஷத்துக்கு 2 லட்சம்கூட வராது.

நான் முதலில் சொன்ன விதிவிலக்கு இதுதான். பொருளை வெளி மாநிலத்துக்கு விற்றால் முதல் பார்சலிலிருந்தே பதிவு கட்டாயம், வரம்பு கிடையாது. இன்ஸ்டாகிராமில் ஆர்டர் எடுத்தாலும் இதே கதைதான். பதிவு ஆனதும் பார்லர் வரவும் சேர்ந்து வரிக்குள் வந்துவிடும், ஏனென்றால் பான் ஒன்றுதான். எண்ணெய் விற்பனைக்காகப் பதிவு செய்துவிட்டுப் பார்லருக்குச் சாதாரண பில் போடுகிறவர்களைப் பார்க்கிறேன், அது பின்னால் பெரிய தொகையாக வந்து நிற்கும். பார்லரே முக்கிய வருமானம் என்றால், வரம்பைத் தொடும்வரை தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்பதுதான் என் பார்வையில் சரி.

பொருளை ஆன்லைன் விற்பனைத் தளத்தில் பட்டியலிட்டாலும் பதிவு தேவை என்பதுதான் பொது விதி. 2023 அக்டோபர் 1 முதல், சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்பவர் அதற்கென ஒரு சேர்க்கை எண் வாங்கிக்கொண்டு பதிவில்லாமல் விற்கலாம்.

காம்போசிஷன் எடுத்தா 6% தான், தலைவலி இல்லைன்னு சொல்றாங்க. எடுக்கலாமா?

காம்போசிஷன் என்பது சிறு தொழில்களுக்கான எளிய வரி முறை. 18 சதவீதக் காலத்தில் அது நல்ல யோசனையாக இருந்தது. முந்தைய ஆண்டு விற்றுமுதல் 50 லட்சத்துக்குள் உள்ள சேவைத் தொழிலுக்கு 6 சதவீதம், அதை வாடிக்கையாளரிடம் வாங்கக் கூடாது, உங்கள் வரவிலிருந்து கட்ட வேண்டும். இப்போது வழக்கமான விகிதமே 5 என்பதால், 6 எதற்கு என்றுதான் தோன்றும். ஆனால் கடை வாடகை இந்தக் கணக்கை மாற்றிவிடும்.

2024 அக்டோபர் 10 முதல், ஜிஎஸ்டி எண் இல்லாத உரிமையாளரிடம் கடையை வாடகைக்கு எடுத்திருக்கும் பதிவு பெற்றவர், வாடகைக்கு 18 சதவீத வரியைத் தானே அரசுக்குக் கட்ட வேண்டும். காம்போசிஷனில் இருப்பவருக்கு இது இல்லை. மேலே சொன்னபடி பார்லர் இதைக் கழிக்கவும் முடியாது. ஆண்டுக்கு 24 லட்சம் முழுக்கச் சேவை வரவு, மாத வாடகை 20 ஆயிரம் என்று வைத்துப் பார்ப்போம். வாடகை வரி மட்டும் ஆண்டுக்கு 43,200. வாடிக்கையாளர் 5 சதவீதத்தை மேலே கொடுக்கத் தயார் என்றால் வழக்கமான முறையில் உங்கள் கைச்செலவு அவ்வளவுதான், காம்போசிஷனில் 1,44,000. அங்கே யோசிக்கவே தேவையில்லை. ஆனால் போட்டி அதிகம், விலையை ஏற்றவே முடியாது, அந்த 24 லட்சத்துக்குள்ளேயே வரியைப் பிரிக்க வேண்டும் என்றால் சேவைக்கு 1,14,286, வாடகைக்கு 43,200, ஆக 1,57,486. இப்போது காம்போசிஷன் 13 ஆயிரத்துச் சொச்சம் மிச்சம்.

இன்னொன்றையும் பாருங்கள். காம்போசிஷனில் வெளி மாநில வேலை செய்யக் கூடாது, பாண்டிச்சேரி மண்டபம் ஒன்று வந்தாலே தகுதி போய்விடும். விற்கும் பொருளுக்கும் அதே 6 சதவீதம்தான், சரக்கில் கட்டிய வரி திரும்பாது. பில்லின் தலைப்பிலும் நீங்கள் காம்போசிஷனில் இருப்பதையும் வரி வசூலிக்கத் தகுதியில்லை என்பதையும் எழுத வேண்டும். புதிதாகப் பதிவு செய்பவர் விண்ணப்பத்திலேயே தேர்ந்தெடுக்கலாம், ஏற்கெனவே பதிவில் இருப்பவர் ஆண்டு தொடங்கும் முன் சொல்லிவிட வேண்டும்.

வரவு குறைஞ்சு 12 லட்சத்துக்கு வந்துடுச்சு. நம்பரை விட்டுடலாமா?

விடலாம். `GST REG-16` விண்ணப்பம் போட்டு ரத்து கேட்க வேண்டும். சும்மா அறிக்கை தாக்கல் செய்வதை நிறுத்தினால் ரத்து ஆனதாகாது, வேலையே இல்லாத மாதங்களுக்கும் நாள் கணக்கில் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும். வரியைக் கழித்து வாங்கிய சரக்கு அலமாரியில் மீதி இருந்தால் அதற்கான வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும், அதனால் முடிந்தவரை விற்றுவிட்டு விண்ணப்பியுங்கள். ரத்து உத்தரவு வந்த பிறகு மூன்று மாதத்துக்குள் இறுதி அறிக்கை ஒன்று உண்டு, அதை மறந்துவிட்டுப் பிறகு நோட்டீஸோடு வருபவர்கள் நிறையப் பேர். கையில் இருக்கும் அச்சடித்த பில் புத்தகத்தை அன்றோடு நிறுத்திவிடுங்கள், ரத்து ஆன எண்ணோடு ஒரு பில்கூடப் போகக் கூடாது.